காற்றுக்கும் மழைக்கும் நடுவில்

ஜூலை மாதம் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி நெருங்கியதும் ஜன்னலை இறக்கிவிடுவார்கள். மழைக்குப் பயந்து அல்ல, காற்றுக்குப் பயந்து. கணவாயைத் தாண்டி முப்பந்தல் பக்கம் வந்தால் சாலையின் இரு புறமும் காற்றாலைகள் விடாமல் சுழன்றுகொண்டிருக்கும். கீழே தரை காய்ந்து கிடக்கும். அதே நாளில், அதே காற்றில், மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் ரப்பர் மரங்கள் நனைந்து சொட்டிக்கொண்டிருக்கும். இடையில் உள்ள தூரம் பேருந்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான்.

புவியியல் பாடத்தில் நாம் எழுதிய விடையை இங்கே வைத்துப் பாருங்கள். வெப்பத்தால் தாழ்வழுத்தம் உண்டாகிறது; தாழ்வழுத்தத்தை நோக்கிக் காற்று வீசுகிறது; கடலிலிருந்து வரும் காற்று மழை தருகிறது. மூன்று வரி, மூன்று மதிப்பெண். முப்பந்தலில் முதல் இரண்டு வரியும் அப்பழுக்கில்லாமல் நிறைவேறுகின்றன. கடலிலிருந்துதான் காற்று வருகிறது, ஈரத்தோடுதான் வருகிறது, தமிழ்நாட்டிலேயே மிக வேகமாக வீசும் இடங்களில் ஒன்று அது. மூன்றாவது வரி மட்டும் நடக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவன் ஆசிரியரிடம், "சார், காத்து இந்த அடி அடிக்கே, மழை எங்க சார்?" என்று கேட்டால் அது குறும்பு அல்ல. பாடம் விட்டுவிட்ட கண்ணியைத்தான் அவன் கேட்கிறான்.

அந்தக் கண்ணியைத் தேடுவதற்கு முதல் இரண்டு கண்ணிகளையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

காற்றழுத்தம் என்பது நம் தலைக்கு மேல் உள்ள காற்றின் எடை. கடல்மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் தரையின் மேல் ஏறக்குறைய 10 டன் காற்று நிற்கிறது. வானிலைக்காரர்கள் இதை 1013 ஹெக்டோபாஸ்கல் என்பார்கள். பழைய கணக்கில் மில்லிபார், எண் அதேதான். தரையிலிருந்து 8 மீட்டர் மேலே ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். மூன்று மாடி ஏறினாலே ஒன்றுக்கு மேல் குறைந்துவிடும். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று முழுவதையும் இழுக்கிற அழுத்த வேறுபாடு எவ்வளவு தெரியுமா? மடகாஸ்கருக்குக் கிழக்கே, தென் இந்தியப் பெருங்கடலில் ஜூலையில் நிலைகொள்ளும் மஸ்கரீன் உயரழுத்தத்தில் சுமார் 1024. சிந்து, ராஜஸ்தான் பக்கத் தாழ்வழுத்தத்தில் சுமார் 995. வித்தியாசம் 30-ஐக்கூடத் தொடாது. ஒரு சின்னக் குன்றின் மேல் ஏறி இறங்கினால் கிடைக்கிற வித்தியாசம் அது. அவ்வளவு சிறியது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கிடைமட்டமாகப் பரவியிருப்பதால்தான் கடலையே தாண்டிக் காற்றை நகர்த்துகிறது.

அந்தக் காற்றும் நேராகப் போவதில்லை. பூமி சுழல்வதால் தெற்கு அரைக்கோளத்தில் இடப்பக்கமும், நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கமும் விலகுகிறது. தென்கிழக்கிலிருந்து புறப்பட்டது தென்மேற்கிலிருந்து நம்மிடம் வந்து சேர்வது இதனால்தான். 1857-இல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிவியலாளர் இதை எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு விதியாகச் சொன்னார். நமது அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். நவம்பரில் மெரினாவில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது அதற்கு முதுகைக் கொடுத்தால் முகம் தென்மேற்கே இருக்கும், இடக்கை தென்கிழக்கைக் காட்டும். தாழ்வுப் பகுதி அங்கே, வங்கக் கடலில் இருக்கிறது. காற்று வடமேற்கிலிருந்து திரும்பினால் இடக்கை வடகிழக்கே போய்விடும். புயல் நம்மைத் தாண்டி ஆந்திராவை நோக்கிப் போய்விட்டது என்று பொருள். கடலோடுகிறவர்கள் காற்று திரும்புவதை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதன் நியாயமும் இதுதான்.

ஆக, அழுத்தம் காற்றைச் செலுத்துகிறது. இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அழுத்தம் குறைந்த இடத்தில் மழை பெய்யும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியுமா? ஜூலையில் இந்தியத் துணைக்கண்டத்திலேயே அழுத்தம் மிகக் குறைந்த இடம் எது என்று மேலே பார்த்தோம்: சிந்து, ராஜஸ்தான். அது பாலைவனம். ஜெய்சால்மரில் ஆண்டு முழுக்கப் பெய்தாலும் 20 செ.மீ. அளவுதான். தாழ்வழுத்தம் மழையைத் தரும் என்பது உண்மையானால், இந்த நாட்டில் அதிக மழை தார் பாலைவனத்தில் கொட்டியிருக்க வேண்டும். இந்த ஒரு உதாரணம் நம் பாடநூல்களில் தாழ்வழுத்தப் படத்திலேயே இருக்கிறது. அதே நூலின் மழைப் பரவல் படத்தோடு அதை ஒட்டிவைத்துப் பார்க்கச் சொல்வதுதான் இல்லை.

அங்கே என்ன நடக்கிறது? தரை கொதிக்கிறது, காற்று சூடாகி மேலே கிளம்புகிறது, அழுத்தம் குறைகிறது. ஆனால் கிளம்பிய காற்று சில கிலோமீட்டருக்கு மேல் ஏற முடிவதில்லை. அதற்கு மேலே வறண்ட காற்று கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே உள்ள ஏற்றத்தை அது அடக்கிவிடுகிறது. மேகம் வளர உயரம் வேண்டும், உயரம் கிடைக்கவில்லை.

காற்றுக்கும் மழைக்கும் நடுவில் விடுபட்ட கண்ணி இந்த ஏற்றம்தான். ஈரக்காற்று கிடைமட்டமாக எத்தனை வேகமாகப் போனாலும் மழை வராது. மேலே ஏற வேண்டும். ஏறினால் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போகிறது, விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, குளிர்ந்தால் நீராவியைத் தாங்க முடியாமல் விடுகிறது. ஆரல்வாய்மொழியில் மலைத்தொடர் முடிந்துபோய் இடைவெளி விட்டிருக்கிறது. காற்றுக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை. ஒடுங்கிய வழியில் வேகம் பிடித்து வெளியே போய்விடுகிறது. காற்றாலைக்காரருக்கு லாபம். பேச்சிப்பாறையில் எதிரே மலை நிற்கிறது. காற்று ஏறித்தான் ஆக வேண்டும்.

மலை மேகத்தைத் தடுக்கிறது என்று ஒரு வாக்கியம் நம் வாயில் பழகிப்போயிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மலை எதையும் தடுத்து நிறுத்துவதில்லை, தூக்கிவிடுகிறது. தடுப்பதாக இருந்தால் அந்தப் பக்கம் காற்றே வராது. ஆடி மாதத்தில் போடி, கம்பம் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும், காற்று அம்மியை நகர்த்துகிற வேகத்தில்தான் வருகிறது. அது இடுக்கி மலைகளின் மேலேறி இறங்கிய காற்று. அதன் பயணத்தை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

கேரளக் கரையில் காற்று 28 டிகிரி வெப்பத்தோடு புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி. அதாவது 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் பனிக்கத் தொடங்கிவிடும். மேகம் கட்டாத காற்று 1 கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி குளிரும். எனவே 500 மீட்டர் ஏறுவதற்குள் அது 23 டிகிரிக்கு வந்து மேகம் கட்டிவிடுகிறது. இனி மேலே ஏறும்போது குளிர்வது மெதுவாகிறது. நீராவி துளியாக மாறும்போது உள்ளே ஒளிந்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்தச் சூட்டுக் காற்றில் கிலோமீட்டருக்கு 4.5 டிகிரி அளவுதான் குறையும். 2,000 மீட்டர் உயரத்து மலைமுகட்டைத் தொடும்போது வெப்பநிலை 16 டிகிரி. ஒரு கிலோ காற்றில் 19 கிராம் இருந்த நீராவி 14 கிராம் சொச்சமாகக் குறைந்திருக்கும். இழந்த 4, 5 கிராம்தான் மூணாறு மழை.

இப்போது இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்துகிறது, அழுந்தினால் சூடாகிறது. துளிகளைக் கொட்டிவிட்டதால் இனி ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்ள நீர் இல்லை. ஆகவே கிலோமீட்டருக்கு முழு 10 டிகிரி ஏறும். போடி அடிவாரத்தில் 400 மீட்டர் உயரத்துக்கு வரும்போது 32 டிகிரி. ஈரப்பதம் 45 சதவீதம். கடலில் இருந்ததைவிடச் சூடு அதிகம், ஈரம் பாதி. வழியில் எவரும் அதைச் சூடேற்றவில்லை. வெயில்கூடத் தேவைப்படவில்லை. ஏறியதும் இறங்கியதும் மட்டுமே இந்த வேலையைச் செய்துவிட்டன.

கணக்கு இவ்வளவு ஒழுங்காக நிஜத்தில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றின் ஒரு பகுதி மலையைச் சுற்றிக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போகும். சில துளிகள் முகட்டைத் தாண்டிக் கீழே விழுந்து ஆவியாகும். கம்பம் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பு கொஞ்சம் நனையும். ஆனால் திசை மாறாது. இறங்குகிற காற்றில் மழையை எதிர்பார்க்க முடியாது. மழை மறைவுப் பகுதி என்று நாம் சொல்வது மழை போய்ச் சேராத இடத்தை அல்ல; காற்று இறங்குகிற இடத்தை.

மலை இல்லாத ஊரில் காற்றை யார் தூக்குவது? சென்னையைப் பாருங்கள். ஜூன், ஜூலையில் அங்கே வீசுவது இப்படி மலை இறங்கி, தரைமேல் காய்ந்து வந்த மேல்காற்றுதான். பகலில் 37, 38 டிகிரி. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். மெரினாவில் சட்டைக் காலர் படபடக்கத் தொடங்கும் அந்த நேரம் சென்னைவாசிகள் எல்லோருக்கும் தெரியும். கடற்காற்று குளிர்ந்தது, கனமானது. எதிரே வரும் சூடான மேல்காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. இரண்டும் சந்திக்கிற கோடு மெல்ல நகர்ந்து திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் போகும். நாலு, ஐந்து மணிக்கு மேற்கு வானத்தில் மேகம் கோபுரமாக எழும். அதில் பெரும்பகுதி ஏமாற்றும். சில நாள் அது நகருக்குள் நகர்ந்து வந்து, ராத்திரி எட்டு மணிக்கு இடியோடு ஊற்றிவிட்டுப் போகும். இப்படி அவ்வப்போது பெய்யும் மாலை மழைகளைச் சேர்த்தாலே தென்மேற்குப் பருவகாலத்தில் சென்னைக்கு 40 செ.மீ.க்கு மேல் கிடைத்துவிடுகிறது. தூக்கியது மலை அல்ல, இன்னொரு காற்று. இரண்டு காற்றுகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் தரைக்குள் புக முடியாது. மேலேதான் போக வேண்டும்.

அக்டோபரில் ஆசியாவின் உட்பகுதி குளிர்ந்து அங்கே உயரழுத்தம் வந்துவிடுகிறது. தாழ்வழுத்தம் தெற்கே, வங்கக் கடலுக்கு இறங்குகிறது. காற்று திரும்புகிறது, வடகிழக்கிலிருந்து வங்கக் கடலின் சூடான நீரின்மேல் நகர்ந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதத்துக் கணக்கு. இதுவரை பாடநூலில் உண்டு. ஆனால் இந்தப் பருவத்திலும் காற்று வருவதால் மட்டும் மழை வருவதில்லை. வாடை அடித்துக்கொண்டே இருந்து, வானம் வெளுத்துக் கிடக்கும் நாட்கள் கார்த்திகையில் எத்தனை! கடற்கரைச் சமவெளியில் தூக்கிவிட மலை இல்லை. காற்றுகள் ஒன்றுகூட வேண்டும்; அதற்கு ஒரு சுழற்சி வேண்டும்.

இங்கேதான் செய்திகள் நம்மைத் தவறான கணக்குக்குப் பழக்கியிருக்கின்றன. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று படி ஏற ஏற மழையும் ஏறும் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தப் படிகளை இந்திய வானிலை ஆய்வுத் துறை பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 கி.மீ.யிலிருந்து 50 வரை என்றால் தாழ்வு மண்டலம். 62-ஐத் தாண்டினால் புயல், அதற்குப் பெயர் உண்டு. மழையின் அளவு இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்துப் போட்டது. அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, அடுத்த கோடையில் ஏரிகள் விரிசல் விட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, 2015 டிசம்பர் 1, 2-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்து அடையாறு ஊருக்குள் வந்தபோது கடலில் புயல் எதுவும் இல்லை.

2023 டிசம்பர் இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டியது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் என்ற தீவிரப் புயல் சென்னையை ஒட்டி மெதுவாக நகர்ந்து ஆந்திரக் கரையில் பாபட்லா அருகே கடந்தது. சென்னையின் பல இடங்களில் 2 நாளில் 40 செ.மீ. அளவுக்குப் பெய்தது. இரண்டு வாரம் கழித்துக் குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டல மேலடுக்கு சுழற்சி வந்தது. அது தாழ்வு மண்டலம்கூட ஆகவில்லை. டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவாகியிருந்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அந்த மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் மழை 65 செ.மீ.யை ஒட்டித்தான். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர், சுற்றிலும் வெள்ளம், தண்டவாளத்தின் அடியில் மண் இல்லை, நாள்கணக்கில் சிக்கிக்கிடந்தார்கள்.

இந்த 95 செ.மீ. எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பருவமழையின் முழு இயக்கமும் இந்த ஒரு நாளில் இருக்கிறது. மழைக்காலத்தில் நம் தலைக்கு நேர் மேலே, தரையிலிருந்து வான விளிம்புவரை உள்ள நீராவி அனைத்தையும் ஒரு சொட்டு விடாமல் கீழே இறக்கினாலும் தரையில் 6 செ.மீ. உயரத்துக்குத்தான் நிற்கும். அதற்கு மேல் வானத்தில் சரக்கு இல்லை. 95 செ.மீ. பெய்ய வேண்டுமானால் வானம் பதினாறு முறை காலியாகிப் பதினாறு முறை நிரம்ப வேண்டும். ஊற்றுக் கிணறு இறைக்க இறைக்க ஊறுவது போல, பக்கவாட்டிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். கொண்டுவந்தது கீழைக்காற்று. அன்று தூத்துக்குடியில் நின்று கிழக்கிலிருந்து வந்த காற்றுக்கு முதுகைக் காட்டியிருந்தால் இடக்கை தெற்கே குமரிக்கடலைக் காட்டியிருக்கும். சுழற்சி அங்கேதான் இருந்தது.

அதாவது, அந்தச் சுழற்சியின் மையத்தில் அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்பது அன்றைய கேள்வியே அல்ல. மூன்று காரியங்கள் ஒரே இடத்தில் கூடின. வங்கக் கடலின் நீண்ட ஈரப் பாதை திறந்திருந்தது. வந்த காற்று, தரையைத் தொட்டதும் உராய்வில் வேகம் குறைந்து, பின்னால் வருவதோடு நெருக்கியடித்துக் கரையோரமாகவே மேலேறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுழற்சி நகரவில்லை. வேகமாக ஓடுகிற புயல் தன் மழையை ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போகும். நின்றுவிட்ட சுழற்சி எல்லாவற்றையும் ஒரே ஊருக்குக் கொடுத்துவிடும். மிக கனமழை வரும் என்று இரண்டு நாள் முன்னால் சொல்ல முடிகிற அறிவியலால், அந்த ஏற்றம் காயல்பட்டினத்தில் குவியுமா, பக்கத்து மாவட்டத்தில் குவியுமா என்று அதே உறுதியோடு சொல்ல முடிவதில்லை. அழுத்தத்தைப் பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் படம் போடலாம். காற்று எழும் இடம் சில பத்துக் கிலோமீட்டர்தான் இருக்கும். அது மணிக்கு மணி மாறும்.

இனி இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. மழை பெய்து முடிந்தால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். மேகம் கட்டும்போது வெப்பம் வெளிப்படுகிறது என்று இடுக்கி மலைக் கணக்கில் பார்த்தோமே, அதைக் காயல்பட்டினத்துக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோ நீராவி நீராக மாறினால் சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம். ஒரு சதுர மீட்டரில் விழுந்தது 950 கிலோ நீர். 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால், சதுர மீட்டருக்கு 27 கிலோவாட். உச்சிவெயில் தரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 1 கிலோவாட் அளவுதான். சூரியனே தெரியாத அந்த நாளில், இருபத்தேழு நடுப்பகல் சூரியன்களின் வெப்பம் மேகத்துக்குள் இரவும் பகலும் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்த வெப்பம் ஏறுகிற காற்றைச் சுற்றியுள்ளதைவிட இலேசாக வைத்திருக்கிறது. அதனால் அது இன்னும் ஏறுகிறது. மேலே போய்ப் பக்கவாட்டில் பரவுகிறது. மேலே காற்று விலகிப்போனால் கீழே நிற்கும் எடை குறைகிறது. அதாவது அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் இன்னும் காற்று வருகிறது, ஈரத்தோடு. தாழ்வழுத்தத்தால் மழை என்று படித்தோம். மழையால் தாழ்வழுத்தம் என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஆழ்கடலில், நிலநடுக்கோட்டிலிருந்து போதிய தூரத்தில், பூமியின் சுழற்சி இந்தத் தாழ்வைக் காற்று வந்து நிரப்பிவிடாமல் சுழலவைத்துக் காப்பாற்றும்போது அது புயலாக வளர்கிறது. குமரிக்கடல் 8 பாகை அட்சரேகையில் இருக்கிறது, தரையும் பக்கம். அங்கே சுழலவைக்கும் விசை மெலிது. வெப்பம் பரவிக் கரைந்தது. அழுத்தம் பெரிதாக இறங்கவில்லை. மழை மட்டும் மிஞ்சியது. அந்தச் சுழற்சிக்குப் பெயர் கிடைக்காமல் போனதற்கும் காயல்பட்டினம் மூழ்கியதற்கும் முரண்பாடு இல்லை.

பருவக்காற்று முழுவதற்கும் இந்தக் கேள்வி பெரிய அளவில் எழுப்பப்பட்டிருக்கிறது. 1686-இல் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி, நிலம் கடலைவிடச் சூடாவதுதான் பருவக்காற்றின் காரணம் என்றார். நம் பாடநூல்கள் இன்றும் அங்கேதான் நிற்கின்றன. 1921-இல் ஜார்ஜ் சிம்ப்சன், இந்திய வானிலைத் துறையில் பணிபுரிந்து பின்னாளில் பிரிட்டனின் வானிலைத் துறைக்குத் தலைவரானவர், ஓர் எளிய எதிர்க்கேள்வி போட்டார். இந்தியா மிகச் சூடாக இருப்பது மே மாதத்தில். மழை வலுக்கிற ஜூலையில் நிலம் குளிர்ந்துவிடுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில்தான் நிலம் மேலும் சூடாக இருக்கிறது. சூடுதான் காரணம் என்றால், பஞ்ச காலத்தில் அல்லவா மழை கொட்ட வேண்டும்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுலோச்சனா காட்கில் இந்தக் கேள்வியை விடாமல் பின்தொடர்ந்து, பருவமழை என்பது பெரிய அளவில் நடக்கும் கடற்காற்று அல்ல, இரு அரைக்கோளக் காற்றுகளும் கூடி மேலேறும் மழைப்பட்டை கோடையில் வடக்கே நகர்ந்து நம் நிலத்தின்மேல் வந்து நிற்பது என்று வாதிட்டார். சூரியன் தொடக்கிவைக்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அதை நடத்திக்கொண்டு போவது மழைக்குள்ளிருந்து வெளிப்படும் வெப்பம். அந்த வெப்பத்தால் வங்கத்தின்மேல் எழுந்த காற்று எங்கோ இறங்கித்தானே ஆக வேண்டும். அதில் ஒரு பகுதி மேற்கே பாலைவனத்தின்மேல் இறங்குகிறது. ஜெய்சால்மரின் வறட்சிக்கு வங்கத்தின் மழையும் ஒரு காரணம்.

காரணம் முன்னால், விளைவு பின்னால் என்று வரிசையில் நிற்பது நம் விடைத்தாளில் மட்டும்தான். வானத்தில் விளைவு திரும்பி வந்து காரணத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. எங்கோ ஒரு கண்ணி அறுந்தால்தான் ஓட்டம் நிற்கும்: வறண்ட காற்று உள்ளே புகுந்தாலோ, புயல் தரையேறி ஈரம் கிடைக்காமல் போனாலோ, மேலடுக்குக் காற்று வேகமாக வீசி மேகக் கோபுரத்தைச் சாய்த்துவிட்டாலோ.

எனவே புவியியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். கரும்பலகையில் அழுத்தம், காற்று, மழை என்று எழுதி நடுவில் அம்புக்குறி போடும்போது, காற்றுக்கும் மழைக்கும் இடையில் 'ஏற்றம்' என்று ஒரு சொல்லுக்கு இடம் விடுங்கள். மழையிலிருந்து அழுத்தத்துக்குத் திரும்பிப் போகும் ஓர் அம்புக்குறியையும் போடுங்கள். மூன்று மதிப்பெண் விடைக்கு அது அதிகம்தான். போட்டு எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருந்தால் போதும்.